ஆயுள் ரேகையில் ஆயுள் இருக்கிறதா?

அவையில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கைரேகை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மக்கள் முதலில் நீட்டுவது கட்டைவிரலைச் சுற்றி வரும் அந்த ரேகையைத்தான். "பாதியிலேயே நின்றுவிட்டதே, எனக்கு ஆயுசு குறைவா?" என்று கேட்கிறார்கள். கேட்பவரின் முகத்தில் உண்மையான பயம் இருக்கும். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எல்லோரும் வலது உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிப்பக்கம் நோக்கி மெதுவாகக் கொண்டு போங்கள். எங்கே மடிகிறது? அந்த ரேகையில்தான். கட்டைவிரல் அசைய வேண்டும் என்பதற்காகத் தோல் மடியும் இடம் அது. தாயின் வயிற்றில் ஏறக்குறைய மூன்றாம் மாதத்துக்குள் அது உருவாகிவிடுகிறது. அதன் வளைவு பெரும்பாலும் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதையின் பருமனையும் விரல் அமைந்த விதத்தையும் ஒட்டியே வரும். அந்தச் சதைப்பகுதியைத்தான் நாங்கள் சுக்கிர மேடு என்கிறோம்.

நம் சாத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளைவை. ரேகை உள்ளங்கையின் நடுப்பக்கம் வரை அகலமாக வளைந்து வந்தால் சுக்கிர மேட்டுக்கு இடம் அதிகம். உடல் தெம்பும் மனிதர்களிடம் நெருங்கும் சுபாவமும் உள்ளவர் என்று சொல்வது மரபு. கட்டைவிரலை ஒட்டியே இறுக்கமாக இறங்கினால் சீக்கிரம் களைத்துப்போகிறவர், தன் சக்தியைச் சிக்கனமாகச் செலவழிப்பவர் என்பார்கள். இவை ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பற்றிய பேச்சு. எத்தனை வருடம் என்ற கணக்கு இதில் இல்லை.

அப்படியானால் வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையைப் பாருங்கள். சுண்டுவிரலின் அடியில் கிளம்பி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட இடம் வரை போகும் ரேகை முழு ஆயுளைத் தரும் என்கிறார் அவர். இன்று நாம் இருதய ரேகை என்று சொல்லும் ரேகை அது! மேலை நாட்டு முறையோ கட்டைவிரலைச் சுற்றும் ரேகைக்கு ஆயுளைக் கொடுத்தது. இரண்டையும் ஒரே கையில் வைத்துப் பார்த்தால், ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எந்தக் கணக்கைச் சொல்வீர்கள்?

அளந்தே பார்த்தவர்களும் உண்டு. 1990-ல் பிரிட்டனில் சில மருத்துவர்கள், இறந்துபோன 100 பேரின் கைகளில் கட்டைவிரலைச் சுற்றும் ரேகையை அளந்தார்கள். வயதில் மூத்து இறந்தவர்களின் வலது கையில் ரேகை நீளமாக இருந்தது. இதைக் காட்டிச் சிலர் நம் பக்கம் சான்று இருக்கிறது என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். வயது ஏற ஏறத் தோல் தளர்கிறது, மடிப்புகள் ஆழமாகின்றன, ரேகை நீண்டு தெரிகிறது. எண்பது வயதுக் கையை எண்பதில் அளந்துவிட்டு, இருபதிலும் அது அப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. இதற்கு முன்பே, 1974-ல், அமெரிக்காவில் 51 உடல்களில் அளந்தபோது எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

சரி, ஒரு கையை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து வயதுப் பெண். ரேகை உள்ளங்கையின் நடுவில் நின்றுவிடுகிறது. வரன் பார்க்க வந்த இடத்தில் யாரோ "நாற்பதைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார்கள். நான் முதலில் அந்தக் கையை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடிப்பேன். நேர் வெளிச்சத்தில் மெல்லிய ரேகை மறைந்துவிடும். விரல்களை விறைப்பாக விரிக்கவும் விடமாட்டேன், விரித்தால் மடிப்பு அழிந்து ரேகை குட்டையாகத் தெரியும். கையைத் தளர்வாக வைத்துப் பார்த்தால், முதல் ரேகை நின்ற இடத்துக்குச் சற்று வெளியே இன்னொரு ரேகை தொடங்கி மணிக்கட்டு வரை போவது பல கைகளில் தெரியும். அதை இடமாற்றம், வாழ்க்கை முறையில் ஒரு திருப்பம் என்றுதான் படிக்கிறோம்.

அந்த இரண்டாம் ரேகையும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த "நாற்பது" எப்படி வந்தது? ரேகையின் மேல் வயதைக் குறிக்க ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறது. ஒருவர் முழு ரேகையை எழுபது வருடமாகப் பிரிக்கிறார், இன்னொருவர் நூறாக. நடுவில் நின்ற அதே ரேகை முதல் கணக்கில் முப்பத்தைந்து, இரண்டாவதில் ஐம்பது. ஒரே புள்ளிக்குப் பதினைந்து வருட வித்தியாசம்.

அதனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: "உங்கள் சுக்கிர மேடு நன்றாக இருக்கிறது, வளைவு அகலமாக இருக்கிறது. ரேகை இங்கே நிற்பதால் உங்கள் வயதைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வரன் வீட்டாரையும் அழைத்து வாருங்கள், அவர்கள் கைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்."