கிராமர் செக்கர்: காசு கட்டணுமா, ஃப்ரீயே போதுமா?

வணக்கம் மக்களே! பெங்களூர் மாரத்தஹள்ளி டிராஃபிக் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஜன்னலை மூடினா வேகுது. இங்கிலீஷ்ல எழுதுறப்போ தப்பைப் பிடிச்சுக் காட்டுற கிராமர்லி இருக்கே, அதுல காசு கட்டுற ப்ரீமியம் வாங்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு இப்போ ப்ரோன்னு பேரு.

ஒரே ஒரு வரியை எடுத்துக்குவோம். அமெரிக்க கிளையண்டுக்கு மெயில் போடுறீங்க, 'யூ டிட் நாட் ரிப்ளைட் டு மை மெயில்'னு. 'ரிப்ளைட்' கீழே சிவப்புக் கோடு வரும், 'ரிப்ளை'ன்னு மாத்தச் சொல்லும். இது ஃப்ரீயிலயே கிடைக்கும். எழுத்துப்பிழை, இலக்கணம், கமா எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும்.

இப்போ கோடு போயிடுச்சு, இலக்கணமும் சரி. ஆனா படிச்சுப் பாருங்க, 'நீ ஏன் பதில் போடலை'ன்னு சட்டையைப் பிடிக்கிற மாதிரி இருக்கு! எழுதினது எந்தத் தொனியில கேக்குதுன்னு ஃப்ரீயும் ஓரளவு காட்டும். அதை மாத்தி எழுதிக் கொடுக்கிற வேலைக்குத்தான் முக்கியமா காசு. மாத்துறதும் பெரிய வித்தை இல்லைங்க. 'யூ'வைத் தூக்கிட்டு 'ஐ'யில ஆரம்பிங்க: 'ஐ ஹேவன்ட் ஹர்ட் பேக் ஃப்ரம் யூ யெட்'. கோபம் இறங்கிடுச்சா? நாளைக்கு நாலு மெயில் போடுறவங்களுக்கு இந்தப் பழக்கமே போதும்னு நான் சொல்லுவேன்.

நீளமான டாக்குமென்ட்னா கதை வேற. இதே வேலையைச் செய்யுற வேற டூல்களைப் பாருங்க. ப்ரோரைட்டிங்எய்ட் ஃப்ரீயில ஒரு தடவைக்கு 500 வார்த்தைதான். லாங்குவேஜ்டூல் ஃப்ரீ 10,000 கேரக்டர் வரைக்கும் பார்க்கும், அதாவது சுமார் 1,600 வார்த்தை. அதோட ப்ரீமியத்துல 1,50,000 கேரக்டர்.

துண்டு துண்டா வெட்டிப் போட்டா என்னன்னு கேப்பீங்க. போடலாம், பத்தி முடியிற இடத்துல வெட்டுங்க. எழுவாய்-வினை தப்பெல்லாம் ஒரு வாக்கியத்துக்குள்ளயே இருக்கிறதால அது தப்பிக்காது. தப்பிக்கிறது வேற. 3,000 வார்த்தை யூசர் மேனுவல்னு வைங்க. முதல் துண்டுல `email`, நாலாவதுல `e-mail`. ஒரு இடத்துல `adapter`, இன்னொரு இடத்துல `adaptor`. தனித்தனியா பார்த்தா ரெண்டுமே சரி, அதனால பெரும்பாலும் எந்தத் துண்டுலயும் கோடு வராது. முழுசா சேர்த்துப் பார்த்தாதான் இடிக்கும்.

அதுக்கு நான் பண்றது இதுதான். மேனுவல்ல அடிக்கடி வர்ற பெயர்களை முதல்லயே ஒரு தாள்ல எழுதி வெச்சுக்குவேன். துண்டெல்லாம் செக் பண்ணி ஒட்டினதும் வேர்ட்ல `Ctrl+F` போட்டு, வேண்டாத ஸ்பெல்லிங்கை ஒவ்வொண்ணா தேடுவேன். `e-mail` தேடினா பூஜ்யம் வரணும். வந்துடுச்சுன்னா அடுத்தது `adaptor`.