மூணுக்கு முன்னாடி ரெண்டு சைபர்

வணக்கம் மக்களே! தெப்பக்குளம் பக்கம் கரண்ட் போயிருச்சு, அதான் மொட்டை மாடியில உக்காந்து பேசுறேன். வழக்கம்போல சாக்பீஸ்ல தரையிலயே வரைஞ்சாச்சு.

போன வீடியோல பைனரி ட்ரை, அதான் ஒவ்வொரு எண்ணையும் பிட் பிட்டா 0, 1 கிளையில வைக்கிற மரம், போட்டோம்ல? வரிசையில எந்த ரெண்டு எண்ண எக்ஸார் பண்ணா, அதாவது பிட்டு ரெண்டும் வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0னு போட்டா, ரொம்பப் பெருசா வரும்னு. அத வேற மாதிரி எழுதிப் பாத்தேன். மூணே எண்ணு: 3, 12, 10. வரவேண்டியது 15. வந்தது 6. ரெண்டு ராத்திரி தூங்கல மக்களே! அம்மா வச்ச தோசை ஆறிப்போய்க் கெடந்துச்சு.

காரணம் இந்த ஒரே வரி:

```
s = bin(x)[2:]
```

இது எனக்குச் சுத்தமா பிடிக்கல. 12 வந்து 1100, 10 வந்து 1010, ஆனா 3 வெறும் 11. எல்லாமே 1லதான் ஆரம்பிக்குது. அப்ப வேர்ல இருந்து 0 பக்கம் கிளையே இல்ல! 12க்கு எதிர் பிட் தேடுனா முதல் படியிலயே வழி அடைச்சிருது, அப்பறம் 10 கிட்ட போய் 6னு நிக்குது. 12ல முதல் 1க்கு மதிப்பு 8, 3ல முதல் 1க்கு மதிப்பு 2. ரெண்டும் ஒரே படியில. கூட்டல் கணக்குல பத்து ரூபாய ஆயிரத்துக்கு நேரா எழுதுன மாதிரி.

இப்பிடி மாத்துனேன்:

```
for b in range(3, -1, -1):
    bit = (x >> b) & 1
```

இப்ப 3 வந்து 0011. 12 வேர்ல 0 தேடுது, இருக்கு. அடுத்து 0, இருக்கு. அப்பறம் 1, 1. நாலு படியும் எதிர், 1111. பதினஞ்சு! மாடியிலேயே கத்திட்டேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க.

ஐயோ, இத முதல்ல சொல்லிருக்கணும். மேல் பிட்டுல இருந்து ஏன் தேடுறோம்? 8 ஒண்ணு கெடச்சாலே, கீழ இருக்குற 4, 2, 1 மூணும் சேந்தாலும் 7தான். அதனால மேல எதிர் கெடச்சா யோசிக்காம அங்க போகலாம். ஆனா ஒவ்வொரு படியும் ஒரே இடமதிப்பா இருந்தாத்தான் அது செல்லும்.

ஆக ஆழம்ங்கிறது எத்தன எண்ணு இருக்குங்கிறதப் பொறுத்தது இல்ல, பெரிய எண்ணோட பிட் அகலம். 12க்கு 4 போதும். நூறு கோடி வரைக்கும்னா 30, ஏன்னா 2^30 வந்து 1073741824. ஒரு படி கூட வச்சா மேல சும்மா ஒரு 0 நிக்கும், விடை மாறாது. ஒரு படி குறைச்சா போச்சு: இதே மூணு எண்ணுக்கு 3 படி வச்சுப் பாத்தேன், 8 காணாமப் போய் 7னு வந்துச்சு.

2 லட்சம் எண்ண ஜோடி ஜோடியாப் பாத்தா கிட்டத்தட்ட 2000 கோடி தடவ. எண்ணுக்கு 30 படின்னா ட்ரைல போட 60 லட்சம் படி, தேட இன்னொரு 60 லட்சம். இருங்க, கேமராவ தரைக்குத் திருப்புறேன், அந்த 0011 கிளையப் பாருங்க.