முப்பத்தேழரை என்று காட்டிய சென்சார்

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் என் நண்பர் ஒருவர் தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன ஃபேன், ஒரு ஆர்டுயினோ போர்டு எல்லாம் வைத்து இன்குபேட்டர் செய்து, அதில் அறுபது நாட்டுக்கோழி முட்டைகளை வைத்தார். திரையில் இருபத்தொரு நாளும் 37.5 டிகிரி, கொஞ்சம்கூட நகரவில்லை. ஆனால் 21ஆம் நாள் ஒரு ஓடும் விரியவில்லை. 22ஆம் நாள் ராத்திரிதான் சில முட்டைகளில் கொத்துச் சத்தம் கேட்டது, 23ஆம் நாள் வரைக்கும் இழுத்தது, வந்த குஞ்சுகளில் பாதி எழுந்து நிற்கவே திணறின. எல்லா முட்டையும் சேர்ந்து தாமதமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பம் குறைவாக இருந்திருக்குமோ என்பதைத்தான். திரை 37.5 என்று சொல்கிறது, முட்டை வேறு ஏதோ சொல்கிறது. நான் முட்டையைத்தான் நம்பினேன்.

அவர் வாங்கியிருந்தது ஸ்டீல் மூடி போட்ட, தண்ணீரில் நனைக்கக்கூடிய DS18B20 சென்சார். அசல் சிப்பாக இருந்தால் இந்த வெப்பத்தில் அரை டிகிரிக்கு மேல் தப்பாது என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் நிறைய போலி, அதற்கு அந்த உறுதி கிடையாது. தூக்கிப் போட வேண்டுமா என்றால் வேண்டாம். ஒரே மாதிரி தப்புகிற சென்சாரைத் திருத்திக்கொள்ளலாம், நேரத்துக்கு ஒன்று சொல்கிற சென்சாரைத்தான் திருத்த முடியாது.

திருத்துவதற்கு நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். நான் ஒரு பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டரை இரவல் வாங்கினேன், 50 டிகிரி வரை, பத்தில் ஒரு டிகிரிக்குக் கோடு போட்டது. அதோடு வந்த சான்றிதழில் 45 டிகிரி அருகே படிப்பிலிருந்து 0.1 கழிக்க வேண்டும் என்று இருந்தது. அந்தத் தாளைப் பலர் பார்ப்பதே இல்லை. வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது தொட்ட உச்சத்திலேயே நின்றுவிடும், தண்ணீர் ஆறுவதை அது காட்டாது.

இரண்டு வெவ்வேறு சூட்டில் சென்சாரையும் தெர்மாமீட்டரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதில் முதல் புள்ளி ஐஸ். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டம்ளர் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டால் அது பூஜ்யம் ஆகாது. நாலு டிகிரித் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கனமானது, அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நம் சென்சாரும் அங்கேதான் தொங்கும். கொதிக்க வைத்து ஆறிய சுத்தமான தண்ணீரை ஐஸாக உறைய வைத்து, அதைத் துணியில் கட்டி நன்றாக நொறுக்கி, ஒரு பிளாஸ்கில் அடிவரை அமுக்கி நிரப்பி, இடுக்குகள் நிறைகிற அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். சென்சாரையும் தெர்மாமீட்டர் குமிழையும் ரப்பர் பேண்டால் ஒன்றாகக் கட்டி நடுவில் செருகுங்கள், ஸ்டீல் மூடி முழுக்க மூழ்கி, ஒயரும் இரண்டு அங்குலம் உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் ஒயர் வழியே வெளிச்சூடு உள்ளே வரும். பத்து நிமிஷம் விட்டோம். தெர்மாமீட்டர் சரியாகப் பூஜ்யத்தில் நின்றது, அதாவது நாம் நம்புகிற கருவிக்கும் அங்கேயே ஒரு சோதனை ஆயிற்று. சென்சார் பத்துப் படிப்புகளின் சராசரியாக 0.4 காட்டியது. சராசரி எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள், இந்தச் சிப் மின்சாரம் கொடுத்தவுடன் சில நேரம் 85 என்று ஒரு பொய் எண்ணைத் தரும், அதைச் சேர்த்துவிட்டால் கணக்கே போச்சு.

இரண்டாவது புள்ளிக்குக் கொதிக்கிற தண்ணீர் எடுக்கலாமே என்று நண்பர் கேட்டார். கொதிநிலை ஊருக்கு ஊர் மாறும், ஊட்டியில் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். எங்கள் தெர்மாமீட்டரோ 50க்கு மேல் போகாது. அதைவிட, நமக்கு வேண்டியது 37.5, அது இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். ஐஸும், வீட்டுத் தண்ணீர் 28 டிகிரியும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து 37.5க்குக் கோட்டை நீட்டினால், 28இல் செய்த சின்னத் தப்பும் கோட்டோடு சேர்ந்து வளரும். நடுவில் என்றால் வளராது. அதனால் 45 டிகிரி அருகே வெந்நீரை இன்னொரு பிளாஸ்கில் ஊற்றினோம்.

இங்கே பொறுமை வேண்டும். திறந்த டம்ளரில் வெந்நீர் வேகமாக ஆறும். ஸ்டீல் மூடிக்குள் இருக்கிற சிப்புக்கு அது தெரிய நேரமாகும், தெர்மாமீட்டர் கீழே இறங்கிய பிறகும் சென்சார் பழைய சூட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். பார்த்தால் சென்சார் அதிகமாகக் காட்டுவது போல இருக்கும், அது சென்சாரின் தப்பு இல்லை, நம் அவசரம். இரண்டு படிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் மாறிக்கொண்டே இருந்தால் இன்னும் நிலைக்கவில்லை என்று அர்த்தம். கலக்கி, மூடி, காத்திருந்து, அந்த வித்தியாசம் ஐந்து நிமிஷம் அப்படியே நின்ற பிறகு குறித்தோம். தெர்மாமீட்டர் 45.3, சான்றிதழ்ப்படி 0.1 கழித்தால் 45.2. சென்சார் 46.5.

சரி, கணக்குக்கு வருவோம். ஐஸில் 0.4 அதிகம், வெந்நீரில் 1.3 அதிகம். சூடு ஏற ஏறத் தப்பும் ஏறுகிறது. உண்மையில் ஏறியது 45.2 டிகிரி, சென்சார் ஏறியதாகச் சொன்னது 46.5இல் 0.4 போக 46.1. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.9805. இனி சென்சார் என்ன சொன்னாலும் அதில் 0.4 கழித்து, மீதியை 0.9805ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய 37.5ஐ இதில் போட்டுப் பாருங்கள்: 37.1, அதைப் பெருக்கினால் 36.4. இருபத்தொரு நாளும் அந்த முட்டைகள் ஒரு டிகிரிக்கு மேல் குளிரில் கிடந்திருக்கின்றன. ஐஸ் சோதனை மட்டும் செய்து 0.4ஐக் கழித்துவிட்டு நிறுத்தியிருந்தால் 37.1 என்று நினைத்திருப்போம், நிஜத்தைவிட அப்போதும் 0.7 அதிகம். ஒரு புள்ளி போதாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், கணக்கில் சேராத ஒரு மூன்றாவது தண்ணீரிலும் பார்த்தோம். தெர்மாமீட்டர் 37.6 காட்டியபோது சென்சார் 38.7 என்றது, திருத்தினால் 37.55. இந்த இடத்தில் அரை டிகிரி விலகியிருந்தால் சென்சாரின் போக்கு நேர்கோடாக இல்லை, அல்லது எங்கோ அவசரப்பட்டுப் படித்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருப்பேன்.

இந்தத் திருத்தம் சென்சாருக்கு மட்டும்தான், பெட்டிக்கு இல்லை. பல்புக்குப் பக்கத்தில் சென்சாரைத் தொங்கவிட்டால் அது பல்பின் சூட்டைச் சரியாகச் சொல்லும், முட்டையின் சூட்டைச் சொல்லாது. நண்பரிடம் அதை முட்டை மட்டத்துக்கு இறக்கச் சொன்னேன். 0.4, 0.9805, அன்றைய தேதி மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை முட்டை வைப்பதற்கு முன்பும் ஐஸ் சோதனையை மட்டும் செய்து பார்க்கிறார். 0.4 என்று வந்தால் முட்டை உள்ளே போகும், 0.7 என்று வந்தால் வெந்நீர் பிளாஸ்கும் அந்த இரவல் தெர்மாமீட்டரும் மறுபடி வெளியே வரும்.