ஒரே தடவையா, மூன்று தடவையா? தேநீரிலிருந்து காஃபீனை எடுக்கும் கணக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பிரிபுனலில் தேநீர் இருக்கிறது: 100 மில்லி, நன்றாக ஆறவைத்தது. காஃபீனை இழுத்தெடுக்கும் கரைப்பானான டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சூடான தேநீரில் அதை ஊற்றவே கூடாது. கையில் இருப்பது 90 மில்லி. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றலாமா, மூன்று முப்பதாகப் பிரிக்கலாமா?

கணக்கு எளிதாக இருக்க, தேநீரில் 100 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாகவும் பங்கீட்டுக் கெழு K = 5 என்றும் வைத்துக்கொள்கிறேன். அதாவது குலுக்கிச் சமநிலை வந்தபின், கரைப்பானில் காஃபீனின் செறிவு நீரில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. நீரில் மிஞ்சும் பங்கு இது:

q = V₁ / (V₁ + K·V₂)

V₁ நீர், V₂ கரைப்பான். 90 மில்லியையும் ஒரே தடவையில் ஊற்றினால் 100/550. நீரில் 18 மில்லிகிராம் தங்கிவிடுகிறது.

இப்போது முப்பது முப்பதாக. ஒரு தடவைக்கு q = 100/250, அதாவது 0.4. மூன்று தடவைக்கு 0.4 × 0.4 × 0.4 = 0.064. மிஞ்சுவது 6.4 மில்லிகிராம்தான்! கரைப்பான் அதே 90 மில்லிதான். சமநிலை வந்துவிட்டால் எவ்வளவு நேரம் குலுக்கினாலும் அந்தக் கரைப்பான் அதற்கு மேல் எடுக்காது. புதிதாக ஊற்றுவதில் காஃபீனே இல்லை, அதனால் மிஞ்சியதிலிருந்து மறுபடியும் 60 சதவீதம் அதற்குள் போகிறது.

சரி, அப்படியானால் இன்னும் பிரிக்கலாமே? ஆறு பதினைந்தாகப் பிரித்தால் 3.5 மில்லிகிராம் மிஞ்சும். எத்தனை துண்டாக்கினாலும் இந்த 90 மில்லியைக் கொண்டு 1.1-க்குக் கீழே இறங்கவே முடியாது. அதோடு டைகுளோரோமீத்தேனில் ஒரு மில்லிக்கு மேல் அந்த நீரிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு பிரிப்பிலும் புனலின் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் மூன்றோடு நிறுத்திவிடலாம்.

உண்மையான தொல்லை குலுக்கும்போதுதான் வரும். தேயிலையின் டானின்கள் இரண்டு அடுக்குக்கும் நடுவே பால் மாதிரி ஒரு குழம்பை உண்டாக்கும். அதனால்தான் தேநீரில் முன்பே சோடியம் கார்பனேட் போட்டிருக்கிறேன். டானின்கள் உப்பாக மாறி நீரிலேயே நின்றுவிடும். வேகமாக ஆட்டாமல், மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். கீழே நிற்பதுதான் கரைப்பான் அடுக்கு, அதைத்தான் வடிக்க வேண்டும். புகைப்போக்கிப் பெட்டிக்கு வெளியே இதைச் செய்யவே வேண்டாம்.

வடித்ததை ஒரே குடுவையில் சேர்ப்பதற்கு முன்னால், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி எடுத்து மணிக்கூட்டுக் கண்ணாடியில் உலரவிடுங்கள். கணக்குப்படி மூன்று வடிப்பிலும் 60, 24, 9.6 மில்லிகிராம் வரவேண்டும். முதல் கண்ணாடியில் வெள்ளைப் படிவு தெளிவாகத் தெரியும், மூன்றாவதில் மங்கலாகத்தான் இருக்கும். மூன்றாவதும் முதலாவதைப்போலவே அடர்த்தியாக இருந்தால், முதல் தடவை குலுக்கியது போதவில்லை, சமநிலை வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். அப்போது நாலாவதாக இன்னொரு முப்பது ஊற்றிப் பாருங்கள்.