பெயர் மாறியது, பில் நின்றது

கேள்வி: "எங்கள் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் மாறிவிட்டது. ஆட்களும் தொலைபேசி எண்களும் அப்படியேதான் இருக்கின்றன. எல்லோருக்கும் கடிதம் அனுப்பினோம். இருந்தும் ஒரு வாடிக்கையாளர் எங்கள் பில்லை நிறுத்திவைத்திருக்கிறார். எதை விட்டுவிட்டோம்?"

அநேகமாகக் கடிதம் சரியான மேசைக்குப் போகவில்லை. உங்களோடு தினமும் பேசுகிற கொள்முதல் அதிகாரி அதைப் படித்து வாழ்த்துக்கூடச் சொல்லியிருப்பார். பணம் அனுப்புவது கணக்குப் பிரிவு. அவர்களிடம் இருக்கும் கொள்முதல் ஆணையில் பழைய பெயர், கைக்கு வந்த பில்லில் புதிய பெயர். இரண்டும் பொருந்தாவிட்டால் நிறுத்திவைப்பதுதான் அவர்கள் வேலை. ஆகவே கணக்குப் பிரிவுக்கே தனியாக எழுதுங்கள்: பழைய பெயர், பெயர் மாற்றச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் புதிய பெயர், நடைமுறைக்கு வந்த தேதி, பதிவு எண். சான்றிதழின் நகலையும் இணையுங்கள். வரி எண் தொடர்கிறதா என்பதை வரி அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். நிலுவையில் உள்ள ஆணைகளில் பெயரைத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று பெயர் மாறுகிறது. மார்ச் 25 தேதியிட்ட பில் இன்னும் வசூலாகவில்லை. அதைப் புதிய பெயரில் மறுபடி அடிக்காதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு பில்கள் போய், இரண்டும் நிற்கும். தேதியிட்ட நாளில் அந்தப் பெயர் சரியானதுதான், அப்படியே விடுங்கள். ஏப்ரல் 3 அன்று போடும் பில்லில் புதிய பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் 'முன்னர்' என்று பழைய பெயர், பக்கத்தில் ஆணை எண். இந்த வரியை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது வங்கி. இதில்தான் பலர் சிக்குகிறார்கள். "பெயர் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எழுதுவது மோசடிக்காரர்களின் பழைய தந்திரம். உங்கள் கடிதம் உண்மையாகவே இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். வரவும் வேண்டும். கணக்கு எண் மாறவில்லை என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். கணக்குதாரர் பெயரை வங்கியில் மாற்றிய பிறகே கடிதத்தை அனுப்புங்கள். பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வங்கிகளில், முந்திக்கொண்டால் எச்சரிக்கை வரும்.

மாறாத தொடர்பு எண்கள் உதவுவது இங்கேதான். கடிதத்தில் எண்ணை அச்சிட்டு "இதை அழையுங்கள்" என்று எழுதாதீர்கள், போலிக் கடிதமும் அதையேதான் செய்யும். "உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் புதிய பெயருக்கு மாற்றும் ஆசை இருந்தால், சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

சரக்கு தருபவர்களுக்கு விஷயம் எளிது. ஏப்ரல் 1 முதல் அவர்கள் போடும் பில்கள் புதிய பெயருக்கு வர வேண்டும். பழைய பெயரில் வந்தால் அன்றே திருப்பி அனுப்பித் திருத்தி வாங்குங்கள். வரிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது.

ஒன்று மட்டும்: நான் சொன்னதெல்லாம் அதே நிறுவனம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதற்கு. புதிய நிறுவனம் தொடங்கி வியாபாரத்தை அதற்கு மாற்றியிருந்தால், பதிவு எண்ணே வேறாகிவிடும். ஒப்பந்தங்களைத் தனியாக மாற்றி எழுத வேண்டும், இந்தக் கடிதம் அதற்குப் போதாது.