புகை நின்றால் நெருப்பு அணைந்ததா?

(வணிகர் சங்க ஆண்டு விழாவில் பேசியது, எழுதிக் கொடுக்கச் சொன்னதால் எழுதியது)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, பொன்னாடையோடு ஒரு கிலோ அல்வாவும் கொடுத்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் கடையில் எனக்கு வெல்லம் கிடைக்கவில்லை.

நெஞ்செரிச்சலைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன். அமிலம் மேலே ஏறினால் உணவுக்குழாய்க்கு என்ன ஆகிறது, யார் டாக்டரிடம் போக வேண்டும், என்ன சாப்பிடலாம். நெருப்பில்லாமல் புகையாது என்று என் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்வாள். இன்றைக்கு நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

இங்கே பாத்திரக்கடைக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசுகிறோம்? பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். நம் இரைப்பை ஈயம் பூசிய பாத்திரம். அது சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், புளியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான சளிப்படலம் இருக்கிறது, அதற்குள் அமிலத்தை முறிக்கும் காரமும் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் உணவுக்குழாய், சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், ஈயம் பூசாத பித்தளை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு தசை வளையம், கதவு மாதிரி. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வயிறு புடைக்கச் சாப்பிட்டால் விழுங்காத நேரத்திலும் அது அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். தொப்பை இருந்தால் கீழிருந்து அழுத்தம் வேறு. உட்கார்ந்திருந்தால் மேலே வந்த அமிலம் தானாகக் கீழே இறங்கும், மிச்சத்தை எச்சில் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சிலும் ஊறாது, விழுங்குவதும் குறைவு. அமிலம் அங்கேயே கிடந்து சுவரை அரிக்கும். சிவக்கும், புண்ணாகும். புண் ஆறி ஆறித் தழும்பு விழுந்தால் குழாய் சுருங்கும்.

சரி, இனி ஒரு கதை. நான் பார்த்த ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. இந்த ஊர் இல்லை, திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். வயது 54, நல்ல தொப்பை, நீண்ட நாள் பீடி. பன்னிரண்டு வருடமாக நெஞ்செரிச்சல். கல்லாப்பெட்டியில் சில்லறைக்குப் பக்கத்தில் எப்போதும் கேஸ் மாத்திரை அட்டை இருக்கும். எரிந்தால் ஒன்று, ரொம்ப எரிந்தால் இரண்டு. கடை அடைப்பது பத்தரை, வீட்டுக்குப் போய் நான்கு புரோட்டா, சால்னா, உடனே படுக்கை.

ஒரு நாள் கல்யாண வீட்டில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "டாக்டர், என் எரிச்சல் போன வருடத்தோடு போய்விட்டது. மாத்திரையும் விட்டாயிற்று" என்று பெருமையாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மெதுவடை ஒரு துண்டு தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. நெஞ்சைத் தடவுகிறார், கண்ணில் தண்ணீர். எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய்த் தண்ணீரைக் குடிக்கிறார், அது திரும்பி வருகிறது. பந்தி முழுக்க அவரைத்தான் பார்க்கிறது. அவருடைய மைத்துனர், "புது மோதிரம் போட்டுக்கொண்டு வந்தார், கண் பட்டுவிட்டது" என்கிறார். வீட்டம்மா அன்று ராத்திரியே உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார்கள். மிளகாய் நெடியே வரவில்லையாம், அதனால் பலமான திருஷ்டி என்று முடிவு.

மறுநாள் வரச்சொல்லி, அந்த அம்மாவிடமே விசாரித்தேன். ஆறு மாதமாகச் சப்பாத்தி, வடை எல்லாம் நின்று நின்றுதான் இறங்குகிறதாம். ரசம்சாதம் மட்டும் போகிறது. நான்கு கிலோ எடை குறைந்திருக்கிறது. இவர் அதை டயட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்!

உடனே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, சுண்டுவிரல் பருமனில் கேமரா வைத்த குழாய், பெரும்பாலும் பத்து நிமிட வேலை. உள்ளே குழாய் சுருங்கியிருந்தது. அதற்குக் கீழே, வெளிர்நிறத்தில் இருக்க வேண்டிய சுவர், நான்கு சென்டிமீட்டருக்குச் செம்மண் நிறம். சதைத் துணுக்குகள் எடுத்துப் பரிசோதித்ததில் புற்று இல்லை. உணவுக்குழாய் தன் சொந்தச் சுவரை விட்டுவிட்டு, குடல் மாதிரியான சுவரைப் போட்டுக்கொண்டிருந்தது. 1950-இல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பாரட் என்ற அறுவை மருத்துவரின் பெயரில் 'பாரட் உணவுக்குழாய்' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இது மேலே இழுபட்ட இரைப்பை என்றுதான் முதலில் அவர் நினைத்தார்.

இந்தப் புதுச் சுவருக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது. அதனால்தான் அண்ணாச்சிக்கு எரிச்சல் போயிற்று! நெருப்பில்லாமல் புகையாது, பாட்டி சொன்னது சரி. ஆனால் புகை நின்றுவிட்டதால் நெருப்பு அணைந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லையே. பாரட் உள்ளவர்களில் புற்று வருவது குறைவுதான், செல்களில் வேறு மாற்றம் இல்லாதவர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் ஒருவர் முதல் மூவர் வரை. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கண்காணிப்பு போதும். அண்ணாச்சிக்குப் பலூன் வைத்துச் சுருக்கத்தை விரித்தார்கள், தினமும் மாத்திரை, மூன்று வருடத்தில் மறுபடி ஸ்கோப். இன்னொன்று: நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பங்கு பாரட் வழியாக வருவதில்லை, புகையிலையும் மதுவும் கொண்டுவருவது. அதுவும் முதலில் 'இறங்க மாட்டேன் என்கிறது' என்றுதான் காட்டும், நாம் கேஸ் என்போம்.

அப்படியானால் யார் போக வேண்டும்? விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், இரத்தசோகை, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே. இவை இல்லாவிட்டாலும் வருடக்கணக்காக எரிகிறவர், அதிலும் ஐம்பது தாண்டிய, தொப்பையுள்ள, புகைக்கிற ஆண், ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண எரிச்சலுக்கு டாக்டரே எட்டு வாரம் பான்டோபிரசோல் மாதிரி ஒரு மாத்திரை கொடுத்துப் பார்ப்பார். அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். எரியும்போது கல்லாவில் இருந்து எடுத்துப் போடுவது அந்த மாத்திரைக்கான முறை இல்லை. எட்டு வாரத்தில் அடங்காவிட்டாலும், நிறுத்தியதும் திரும்ப வந்தாலும், ஸ்கோப் பற்றிப் பேசலாம். நடக்கும்போது வருகிற, வியர்வையோடும் கைவலியோடும் வருகிற எரிச்சல் இதயமாக இருக்கலாம், அதற்கு என்னிடம் வராதீர்கள், நேரே அவசரப் பிரிவு.

இனி நான் உண்மையில் வந்த காரியம். இந்தக் கடைவீதியில் ஷட்டர் இறங்குவது பத்தரைக்கு. எட்டரைக்கு இறக்குங்கள் என்று நான்கு வருடமாகக் கேட்கிறேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள் என்று நோட்டில் எழுதிக்கொடுக்கிறேன், பத்தரைக்கு அடைக்கிற மனிதன் அப்புறம் எத்தனை மணிக்குப் படுப்பான்? உங்களைவிட உங்கள் கடைப் பையன்களைத்தான் நினைக்கிறேன், இருபத்தைந்து வயதில் மாத்திரை அட்டையோடு வருகிறார்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரை அடி உயரம் மரக்கட்டை வைக்கலாம், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம், இரண்டும் உதவும். பாயில் படுக்கிற பையன் எதை உயர்த்துவான்? மழைக்கால மூன்று மாதமாவது முயன்று பாருங்கள், வியாபாரம் குறைந்தால் என்னைத் திட்டுங்கள். செயலாளர் இதைத் தீர்மானமாக வைத்தால் முதல் கை நான் தூக்குகிறேன், எனக்கு ஓட்டு இல்லை என்றாலும்.

மூன்றாவது விஷயம், என்ன சாப்பிடலாம் என்பது. தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். மணி ஒன்பது ஐம்பது, அழைப்பிதழில் பந்தி பத்து மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள், பின்னால் புரோட்டா போடும் சத்தம் கேட்கிறது. எனக்கு இரண்டு இட்லி இருந்தால் வையுங்கள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி வரை சீட்டு ஆடிக்கொண்டிருங்கள், படுக்க வேண்டாம். வணக்கம்.