38 நாள் குழந்தையும் அப்பாவின் இருமலும்

வணக்கம் நேயர்களே. கக்குவான் இருமல் என்றதும் பலருக்கு ஒரு சத்தம்தான் நினைவுக்கு வரும். விடாமல் இருமி, மூச்சு தீர்ந்துபோய், கடைசியில் ‘ஊப்’ என்று காற்றை இழுக்கும் சத்தம். நான் இப்போது சொல்லப்போகும் குழந்தையிடம் அந்தச் சத்தம் இல்லவே இல்லை.

பிறந்து 38 நாள் ஆன பெண் குழந்தை. இரண்டு நாளாக லேசாக மூக்கொழுகல், அவ்வப்போது ஓர் இருமல், காய்ச்சல் இல்லை. அன்று இரவு பால் குடிக்கும்போது முகம் சிவந்து, உதடு நீலமாகி, சில நொடிகள் மூச்சே நின்றுவிட்டது. அம்மா பதறித் தூக்கியதும் மூச்சு திரும்பியது. என்னிடம் கொண்டுவந்தபோது குழந்தை அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. இருமல் வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குழந்தை நன்றாகவே தெரியும் என்பதுதான் இந்த நோயில் பெரிய ஆபத்து. அதனால்தான், அந்த ஒரு நிமிடத்தை முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறேன்.

அப்போது பக்கத்தில் நின்ற அப்பா இருமினார். “எத்தனை நாளா?” என்று கேட்டேன். “மூணு வாரம் ஆச்சு டாக்டர். வறட்டு இருமல்தான். ராத்திரிதான் அதிகம், சில நேரம் இருமி இருமி வாந்தியே வந்துடும்.” எனக்குச் சந்தேகம் அங்கேதான் உறுதியானது. குழந்தையின் ரத்தத்தில் ஒரு வகை வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருந்தன. மூக்கின் உட்பகுதியில் எடுத்த சளியின் பிசிஆர் பரிசோதனையும் கக்குவான் என்றே சொன்னது.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் அப்படித்தான் வரும். முதல் ஓரிரு வாரம் சாதாரண சளி போல இருக்கும். நோய் அதிகம் பரவுவதும் அப்போதுதான். அப்புறம் அடுக்கடுக்காக இருமல் வரும், வாரக்கணக்கில் போகும். கிருமி மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் மெல்லிய முடிகளைச் சிதைத்துவிடுகிறது. கிருமி போன பிறகும் அந்தப் புண் ஆற நாளாகும். ஆகவே தாமதமாகத் தொடங்கும் ஆன்டிபயாடிக் இருமலை நிறுத்தாது. ஆனால் அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அதற்காகவே மருந்து கொடுத்தோம்.

குழந்தை 16 நாள் மருத்துவமனையில் இருந்தது. மூச்சு நிற்கும்போதெல்லாம் ஒரு செவிலியர் ஓடிவர வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள்.

சரி, குழந்தைக்குத் தடுப்பூசி இல்லையா? உண்டு. ஆனால் முதல் தவணையே பிறந்து 6 வாரத்துக்குப் பிறகுதான் போட முடியும். அந்த ஒரு தவணையும் முழுப் பாதுகாப்பு தராது. உயிருக்கு மிக ஆபத்தான வாரங்களும் அவைதான். இந்த இடைவெளியை அடைக்க இருக்கும் சிறந்த வழி, கர்ப்பத்திலேயே அம்மாவுக்கு ஊசி போடுவது.

டிடாப் என்பது அந்த ஊசியின் பெயர். போட்ட இரண்டு வாரத்தில் அம்மாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் நிறைய உருவாகும். நஞ்சுக்கொடி அதைக் குழந்தைக்குக் கடத்திவிடும். இதற்கு நேரம் வேண்டும், அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. பல நாடுகளில் 27 முதல் 36 வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள், இன்னும் முன்னதாகப் போடும் நாடுகளும் உண்டு. அம்மாவிடம் இந்தப் புரதம் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் டெட்டனஸ் ஊசியில் கக்குவானுக்கான மருந்து இல்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டே “ஊசி போட்டாச்சு” என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எந்த ஊசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 2012இல் நோய் பெருகி, 14 பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில், முதல் சில மாதங்களில் பத்துக்கு ஒன்பது பங்கு நோய் தடுக்கப்பட்டது தெரியவந்தது.

அம்மா தந்த இந்தப் பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே குழந்தைக்கான தவணைகளைத் தள்ளிப்போடக் கூடாது. நான் சொன்ன அந்தத் தாய் அடுத்த கர்ப்பத்தில் 28ஆம் வாரத்தில் டிடாப் போட்டுக்கொண்டார். அந்தக் குழந்தை பிறந்த 6ஆம் வாரத்தில் முதல் தவணைக்கும் வந்துவிட்டார்.